கண்ணை மூடிப் பார்த்த டிவி

அந்தக் கண் கிளினிக்கின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. தெருமுனை ஆட்டோக்காரர் முதல் கண்ணில் கட்டுப் போட்டவர் வரை எல்லோருக்கும் அவள் 'பத்து நிமிஷம்'. "பத்து நிமிஷம் உள்ள இருக்காங்களா, வெளிய போயிருக்காங்களா?" என்று அவளிடமே வந்து கேட்டவர்கள் உண்டு.

பெயர் வந்த கதை பெரிய ரகசியம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பாடம் அது. எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும் பத்து நிமிஷம் என்று சொல்ல வேண்டும். முக்கால் மணி என்று உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். பத்து நிமிஷம் என்றால் உட்காருவார்கள். உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மனசு வராது. டாக்டரம்மா கெட்டவர் இல்லை. கை ராசிக்காரர், அவசரப்பட்டு ஒரு கண்ணையும் பார்க்காதவர். அந்த நிதானத்தால்தான் வெளியே கூட்டம் தேங்கியது. தேங்கிய கூட்டத்துக்கு அணை போடும் வேலை நம் அம்மாளுக்கு. ஒரு நாளைக்கு அறுபது பேர் என்றாலும், பத்தொன்பது வருஷத்தில் அவள் எத்தனை பொய் சொல்லியிருப்பாள் என்று கணக்குப் போட உட்கார்ந்தால் நமக்கே ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும்.

அந்தப் பொய் இவ்வளவு காலம் ஓடியதற்கு ஒரு காரணம் இருந்தது. கண்ணின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்தை விட வேண்டும். ஒரு தடவை விட்டால் போதாது. பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். மருந்து வேலை செய்ய ஆரம்பித்தபின் கிட்டத்தில் இருக்கும் எதுவும் மங்கிவிடும். கைக்கடிகாரம் வெறும் வட்டமாகத் தெரியும், செல்போன் வெளிச்சமாகத் தெரியும். சுவரில் இருந்த கடிகாரம் என்றோ நின்று போய், பேட்டரி மாற்றக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. ஆகவே அந்த ஹாலில் மணி என்ன என்பது 'பத்து நிமிஷம்' சொன்னால்தான் உண்டு.

இந்த ராஜ்ஜியத்துக்குள் வந்து சேர்ந்தார் ஒரு ரிட்டயர்டு ரயில்வே கார்டு. முப்பத்தாறு வருஷம் பச்சைக்கொடி காட்டிய கை. இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன், அது ஆறியபின் வலது கண்ணுக்கு என்று ஏற்பாடு. அதனால் அடிக்கடி வரவேண்டியிருந்தது. வந்த முதல் நாளே, மருந்து விடுவதற்கு முன்பு மணியைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டார். பிறகு மேசைக்கு முன்னால் வந்து நின்று, சத்தம் போடாமல், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, நீங்க பத்து நிமிஷம்னு சொன்னீங்க. ஒரு மணி நேரம் ரெண்டு நிமிஷம் ஆயிருக்கு. ரயில்ல இப்படிச் சொன்னா ரெண்டு ரயிலு மோதும். உங்க வாயில வர்ற நேரத்துல ஒண்ணாவது நிஜமா?"

ஹாலில் இருபத்து மூன்று பேர். கண்ணை மூடியிருந்தவர்கள்கூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். அவள் சிரித்துச் சமாளித்தாள். சமாளிப்பது அவளுக்குப் புதிதா என்ன. ஆனால் சாயங்காலம் கண்ணாடி பிரேம் பெட்டிகள் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். திட்டு வாங்கியதற்கு அழவில்லை. அவர் கேட்டது சரிதானே என்றுதான் அழுகை வந்தது. வீட்டில்கூட அவள் சொல்லுக்கு மதிப்பு அவ்வளவுதான். வேலை முடிந்து அழைத்துப்போக வரும் வீட்டுக்காரர், அச்சகத்தில் பைண்டிங் செய்கிறவர், "பத்து நிமிஷத்துல வந்துடறேங்க" என்று அவள் போனில் சொன்னால் சாவகாசமாகக் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, அதன்பிறகுதான் வண்டியை எடுப்பார். மனுஷன் ஒரு தடவைகூடத் தாமதமாக வந்ததில்லை.

கார்டு சொன்னது உள்ளே டாக்டரம்மாவின் காதுக்கும் எட்டியது. மறுவாரம் நாற்பத்து மூன்று அங்குல டிவி ஒன்று வந்து இறங்கியது. ஹாலில் டிவி இருந்தால் நேரம் போவதே தெரியாது என்பது டாக்டரம்மாவின் கண்டுபிடிப்பு. ஆள் வந்து, பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகைக்கு எதிர்ச்சுவரில் இரும்புத் தாங்கியை அடித்து, டிவியை மாட்டி, ரிமோட்டை அம்மாளின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மருந்துக் கம்பெனிக்காரர் எப்போதோ கொடுத்த ஒரு பென்டிரைவில் கண் பாதுகாப்பு வீடியோக்கள் இருந்தன. அதைப் போட்டு விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்ப ஓடட்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

வாசலோரம் கண்ணாடி விற்கும் பகுதியைப் பார்த்துக்கொள்பவர், முப்பது வயசு, வாய்த்துடுக்கு அதிகம், மூக்கில் எப்போதும் இரண்டு பிரேம். அவர்தான் முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"ஏன்க்கா, இங்க பாதிப் பேரு கண்ணை மூடிக்கிட்டுல்ல உட்கார்ந்திருக்காங்க? இவங்களுக்கு எதுக்கு டிவி?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்து விடுகிற சிஸ்டருக்கும் உறைத்தது. வாங்குவதற்கு முன்னால் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் டிவிக்குக் கீழே நின்று, டாக்டரம்மா காதில் விழாதபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் மாட்டியாயிற்று. கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்த்து என்ன ஆகப் போகிறது?

சிரிப்பு அடங்கியதும் வேலை ஆரம்பித்தது. அதுதான் லேசில் முடியவில்லை. பென்டிரைவைச் சொருகினால் டிவி 'இந்தச் சாதனத்தைப் படிக்க முடியவில்லை' என்றது. டிவியோடு வந்த சின்னப் புத்தகத்தை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். எட்டாம் பக்கத்தில் இருந்தது: பென்டிரைவ் ஃபேட் முப்பத்திரண்டு என்ற வகையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும், வேறு வகையை இந்த டிவி ஏற்காது. கம்பெனிக்காரரின் பென்டிரைவ் அறுபத்து நாலு ஜிபி. மேசைக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்யப் போனால் அந்த வகையே பட்டியலில் வரவில்லை. அவ்வளவு பெரியதற்குச் சாதாரணமாக வராது, முப்பத்திரண்டு ஜிபிக்குள் இருந்தால் வரும் என்று கண்ணாடிக்காரர் தேடிப் பார்த்துச் சொன்னார். தன் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்த பதினாறு ஜிபி பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். அதை ஃபார்மட் செய்து வீடியோக்களை மாற்றினார்கள். டிவி படித்தது.

படித்தது, ஆனால் ஒரு வீடியோ முடிந்ததும் நின்றுகொண்டது. ஓடும்போது ரிமோட்டில் ஆப்ஷன் பட்டனை அழுத்தினால் 'திரும்ப ஓட்டு' என்று ஒன்று வருகிறது, அதில் 'எல்லாம்' என்று வைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போயிற்று. பிறகு வரிசை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்தால், ஒன்றுக்கு அப்புறம் பத்தாவது ஓடியது. 'முதலில் சுழியம் போடுங்க' என்று சிஸ்டர் சொன்னார். அவர் பையன் பாட்டுகளை அப்படித்தான் அடுக்குவானாம். சுழியம் ஒன்று, சுழியம் இரண்டு என்று மாற்றியதும் வரிசை ஒழுங்குக்கு வந்தது. ஒரு வீடியோவுக்குப் படம் வந்தது, சத்தம் வரவில்லை; அந்தச் சத்தத்தின் வகை இந்த டிவிக்குத் தெரியாதாம். அதைக் கம்ப்யூட்டரில் எம்பி ஃபோர் வகையாக மாற்றிப் போட்டாள். எல்லாம் சரி என்று நிம்மதியாக மூச்சு விட்டபோது, நான்கு மணி நேரம் கழித்து டிவி தானாக அணைந்தது. யாரும் ரிமோட்டைத் தொடாததால் தூங்கிவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொண்டதாம். செட்டிங்கில் போய் அந்த அக்கறையையும் அணைத்தாள்.

ஒரு வாரத்தில் அவள் டிவியோடு நல்ல பழக்கம் ஆகிவிட்டாள். காலையில் விளக்கு, ஃபேன், கம்ப்யூட்டர், பிறகு டிவி. யுஎஸ்பிக்குப் போய், போல்டரைத் திறந்து, முதல் வீடியோவில் பிளே. கரண்ட் போய் வந்தால் டிவி எல்லாவற்றையும் மறந்து முதல் திரையில் வந்து நிற்கும், மறுபடி முதலிலிருந்து. ஐம்பத்து மூன்று வயசில் தன்னால் இதெல்லாம் முடிகிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. வீட்டில் ரிமோட்டை யார் எடுத்தாலும் வாங்கி அவளே அழுத்தினாள்.

டிவியில் மொத்தம் பத்து வீடியோக்கள். முதலாவது புல்லாங்குழலோடு தொடங்கும். ஒரு பெண்குரல் கண் எப்படிப் பார்க்கிறது என்று சொல்லும். பிறகு புரை, பிறகு சர்க்கரையும் கண்ணும், சொட்டு மருந்தை விடும் முறை, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கக் கூடாது என்பது, கடைசியில் கடலடி மீன்கள். பார்க்கிறவர்கள் மீனைப் பார்த்தார்கள், மூடியிருந்தவர்கள் கேட்டார்கள். அவளோ ஒரு நாளைக்கு முப்பது தடவைக்கு மேல் கேட்டாள். தூக்கத்தில் அந்தப் பெண்குரலில் சர்க்கரை நோயைப் பற்றி விளக்கம் சொன்னதாக வீட்டுக்காரர் காலையில் புகார் செய்தார்.

அந்தச் சமயத்தில் கார்டு மறுபடி வந்தார். அன்றைக்கு மருந்து கிடையாது, கண் அழுத்தம் மட்டும் பார்க்க வேண்டும். சும்மா உட்கார முடியாத மனுஷன். புல்லாங்குழல் ஒலித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி ஒலித்ததும் மறுபடி பார்த்தார். பதினாலு நிமிஷம். அதை அவர் மனசில் எழுதிக்கொண்டது யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை வந்தபோது மருந்து விட்டார்கள், கண்ணை மூடி உட்கார்ந்தார், எவ்வளவு நேரம் என்று கேட்டார். அவள் வழக்கம்போலச் சொன்னாள். புல்லாங்குழல் நான்காவது தடவை ஒலித்தபோது, கண்ணைத் திறக்காமலே அவர் கையைத் தூக்கினார்.

"அம்மா, நாலாவது சுத்து ஆரம்பிச்சிருச்சு. ஒரு சுத்து பதினாலு நிமிஷம். நாப்பத்திரெண்டு நிமிஷம் போயாச்சு. உங்க பத்து நிமிஷம் இன்னும் எத்தனை சுத்தும்மா?"

ஹால் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அதோடு விட்டார்களா? மறுநாளிலிருந்து எல்லோரும் சுற்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "எனக்கு ரெண்டு சுத்து, உங்களுக்கு?" என்று முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டார்கள். "மீன் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருச்சு, இன்னும் என்னைக் கூப்பிடலை" என்று ஒரு பாட்டியம்மாள் மேசையில் வந்து முறையிட்டார். நேரத்தை மறக்கடிக்க வாங்கிய டிவி, கண் தெரியாதவருக்கும் மணி சொல்லும் கடிகாரமாகிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

டாக்டரம்மா வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார். இந்தக் குட்டிக் குட்டி வீடியோக்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே நீளமான படம் போடச் சொன்னார். காடு, மிருகம், மலை என்று இரண்டரை மணி நேரம் ஓடும் படம் ஒன்றைத் தன் லேப்டாப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். யாராலும் எண்ண முடியாது. திங்கட்கிழமை அதுதான் ஓட வேண்டும்.

சனிக்கிழமை மதியம் கூட்டம் வடிந்ததும் அவளும் கண்ணாடிக்காரரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். படத்தை இழுத்துப் பென்டிரைவில் போட்டால், ஏறவில்லை. 'கோப்பு மிகப் பெரியது' என்று வந்தது. பென்டிரைவில் இடம் தாராளமாக இருக்கிறதே என்று அவள் கேட்டாள். இடம் இருந்தாலும் ஃபேட் முப்பத்திரண்டில் ஒரே கோப்பு நாலு ஜிபிக்கு மேல் போக முடியாது, படம் ஆறு ஜிபி என்றார் அவர். வேறு வகையில் ஃபார்மட் செய்தால் பென்டிரைவ் ஏற்கும், டிவி ஏற்காது.

"அது பரவாயில்லைக்கா. படத்தைக் கொஞ்சம் அமுக்கிச் சின்னதாக்கினா ஏறிடும். அரை மணி வேலை."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி வேலைதான். இப்போது சுற்றாவது இருக்கிறது, எண்ணுகிறார்கள், கேட்கிறார்கள், அவளும் தலை குனிகிறாள். இந்தப் படம் ஓட ஆரம்பித்தால் அதுவும் இருக்காது. அவள் பத்து நிமிஷம் என்பாள், கண்ணை மூடியவர்கள் யானை பிளிறுவதைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், அதுவே இன்னும் ஏழெட்டு வருஷத்துக்கு. 

"ஆக்கலாம் தம்பி," என்றாள். "ஆனா நான் ஆக்கப் போறதில்லை."

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் டாக்டரம்மா சொன்ன ஒன்றை அவள் மீறியதே இல்லை. கண்ணாடிக்காரர் மூக்கிலிருந்த ஒரு பிரேமைக் கழற்றி அவளைப் பார்த்தார். அவள் காகிதம் எடுத்தாள். சுற்று பத்து நிமிஷமாக இருந்தால் என்ன? சரியாகப் பத்து. மருந்தும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதானே.

ஒவ்வொரு வீடியோவின் நீளத்தையும் எழுதிக் கூட்டினாள். இரண்டை எடுத்தாள், எட்டு மிஞ்சியது. முதலாவதாகத் தன் குரல் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். புல்லாங்குழல் வீடியோவின் இடத்தில் தன் வீடியோ. சிஸ்டர் செல்போனில் படம் பிடித்தார். அதைப் போட்டுப் பார்த்தால் டிவியில் சத்தம் மட்டும் வந்தது, 'படத்தைக் காட்ட முடியாது' என்ற வரி மட்டும் தெரிந்தது. நம்ம கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதுவே போதும் என்றார் கண்ணாடிக்காரர். அவள் விடவில்லை, தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றது வீணாவதா? போனின் கேமரா செட்டிங்கில் படம் பிடிக்கும் வகையைப் பழையதற்கு மாற்றி மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை முகமும் வந்தது.

கூட்டினால் சரியாகப் பத்து நிமிஷம். ஓட விட்டு மணி பார்த்தால் பத்து நிமிஷம் இருபத்து நாலு நொடி. மறுபடி ஓட விட்டாள், அதே இருபத்து நாலு. எங்கே போயிற்று இந்த இருபத்து நாலு என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் திரையையே உற்றுப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு வீடியோ முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் டிவி மூன்று நொடி கறுப்பாக நிற்கிறது. எட்டு மூன்று இருபத்து நாலு. மீன்களில் இருபத்து நாலு நொடியை வெட்டி எறிந்தாள். பச்சை மீன் ஒன்று வந்து திரும்பும் இடம் போய்விட்டது, அதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா உள்ளே நுழைந்தார், திரையில் தன் வரவேற்பு அம்மாளின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். யானையைத் தேடினார். அவள் எழுந்து மேசைக்கு முன்னால் வந்தாள். 

"படம் பென்டிரைவ்ல ஏறலை டாக்டரம்மா, சைஸ் பெரிசு. அது நிஜம். சின்னதாக்கிப் போட்டிருக்கலாம், அதுவும் நிஜம். நான்தான் போடலை. இவ்வளவு நாளா நீங்க சொன்ன பத்து நிமிஷத்தைச் சொல்லிட்டேன். ஒரு வாரம், நிஜமான பத்து நிமிஷத்தைச் சொல்றேன். ஆளுங்க எழுந்து போனா நீங்க சொல்ற படத்தைப் போட்டுடறேன்."

டாக்டரம்மா திரையை ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். முதல் நோயாளி உள்ளே காத்திருப்பதைக்கூட மறந்துபோனார் போலிருக்கிறது. பிறகு "ஒரு வாரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரம் அவள் உழைத்த உழைப்பு! சும்மா உட்கார்ந்து டோக்கன் கொடுத்த காலம் போயிற்று. டாக்டரம்மா ஒரு சுற்றுக்குச் சராசரியாக இரண்டு பேரைப் பார்க்கிறார் என்று முதல் நாளிலேயே குறித்துக்கொண்டாள். ஆறு பேருக்குப் பின்னால் இருந்தால் மூன்று சுற்று. மருந்து விட வேண்டியவர்களை முதலிலேயே பிரித்தாள். அவர்களுக்கு எப்படியும் மூன்று சுற்று வேண்டும், அதற்குள் மற்றவர்கள் போய் வரலாம். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது திரையில் அவள் வந்து, "ஒரு சுத்து முடிஞ்சுது. மருந்து விட வேண்டியவங்க கையைத் தூக்குங்க, சிஸ்டர் வருவாங்க" என்று சொன்னாள். கண் மூடிய கைகள் வரிசையாக உயர்ந்தன. சிஸ்டருக்கு யாருக்கு எப்போது விட்டோம் என்ற குழப்பம் போயிற்று. உள்ளே யாருக்காவது அதிக நேரம் ஆனால், எழுந்து நின்று, "ஒரு சுத்து கூடும், மன்னிச்சுக்குங்க" என்று ஹாலுக்கே சொன்னாள். ஆச்சரியம் என்னவென்றால் ஒருவரும் எழுந்து போகவில்லை. நாலு சுற்று என்று தெரிந்தவர்கள் கடைக்குப் போய்விட்டு மூன்றாவது சுற்றில் திரும்பி வந்தார்கள்.

சனிக்கிழமை கார்டு வந்தார். வலது கண்ணுக்கு நாள் குறிக்கும் முன் கடைசிப் பரிசோதனை, மருந்து உண்டு. டோக்கனை வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் என்று கேட்டார். கேட்ட தோரணையிலேயே பதில் என்ன வரும் என்று தெரிந்தவர் மாதிரி ஒரு சிரிப்பு.

"மூணு சுத்து. முப்பது நிமிஷம்," என்றாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். முன் வரிசையில் போய் உட்கார்ந்து, புல்லாங்குழலுக்குப் பதில் அவள் குரல் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மருந்து விடவில்லை, முள் தெரிந்தது. சிஸ்டர் வந்து விட்டார், அவர் கண்ணை மூடினார், மடியில் ஒரு விரலை மடக்கினார். புரை வந்து போயிற்று, சர்க்கரை வந்து போயிற்று, மீன்கள் வந்தன. இரண்டாவது விரல். அவள் உள்ளேயும் வெளியேயும் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவருக்கு முன்னால் இருந்த வயசானவர் உள்ளே கொஞ்சம் அதிகமாகவே பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் சொட்டு மருந்து முறை முடிந்தது. கண்ணாடித் துடைப்பு முடிந்தது. மீன்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கதவு திறந்தது, வயசானவர் வெளியே வந்தார், திரையில் மூன்று நொடி கறுப்பு நின்றது, டிவியில் அவள் "ஒரு சுத்து முடிஞ்சுது" என்று சொல்லும்போதே மேசையிலிருந்து அவள் கார்டின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள்.

அவர் எழுந்தார். மங்கலான கண்ணோடு மேசைவரை தடவி வந்தார். அன்று அவர் குறை சொன்னது ஹாலுக்கே கேட்டதே, அதனால் இதையும் ஹால் கேட்கும்படியாகச் சொன்னார்.

"சரியா வந்து சேர்ந்துது அம்மா. முப்பத்தாறு வருஷத்துல என் வண்டி இப்படி வந்தது பத்து தடவை இருக்குமா, சந்தேகம்."

 அவள் அவர் கையைப் பிடித்து டாக்டரம்மாவின் கதவுவரை கொண்டுபோய் விட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா நின்றிருந்தார். யானைப் படத்தை லேப்டாப்பிலிருந்தே அழித்துவிட்டதாகச் சொன்னார். அதோடு, திரையில் பேசும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம் என்றும் சொன்னார். அது டாக்டரம்மாவின் பாராட்டு. கண்ணாடிக்காரர் அதற்குள் ஹாலில் யாரிடமோ, ஊரில் இனிமேல் அக்காவின் பெயரை மாற்றத் தேவையில்லை, அர்த்தம் மட்டும் மாறிவிட்டது என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் கடைசி ஆளும் போனபின் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "பத்து நிமிஷத்துல வந்துடறேங்க" என்றாள். டிவி அப்போதுதான் முதல் வீடியோவைத் தொடங்கியிருந்தது. மேசையைத் துடைத்தாள், டோக்கன்களை அடுக்கினாள், கம்ப்யூட்டரை அணைத்தாள். மீன்கள் திரும்பிப் போனதும் டிவியை அணைத்து, பென்டிரைவை மட்டும் தொடாமல் அதன் இடத்திலேயே விட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினாள். தெருவில் வண்டியைக் காணோம். ஐந்து நிமிஷம் நின்றாள். பிறகு படியிலேயே உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அவருக்காகக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அந்த நினைப்பு வந்ததும் தனியாக உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

போன் போட்டாள். அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"எங்கங்க இருக்கீங்க?"

"இதோ கிளம்பிட்டேன். பத்து நிமிஷம்," என்றார் அவர்.

"யாரோட பத்து நிமிஷம்?" என்று கேட்டாள். "உங்களோடதா, என்னோடதா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.